விட்ட இடத்திலிருந்து

மார்ச் 31 இரவு வங்கிக் கிளைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் டேட்டா சென்டரில் வேலை சூடுபிடிக்கும். அன்றைய வரவு செலவை முடித்துக் கட்ட வேண்டும், காலாண்டு வட்டியைச் சேமிப்புக் கணக்குகளில் வரவு வைக்க வேண்டும், அதன்பிறகு ஆண்டு இறுதிக் கணக்கு. இவற்றில் வட்டி வரவு வைப்பது கேட்பதற்குச் சாதாரண வேலை. ஒவ்வொரு கணக்காக எடுத்து, சேர்ந்திருக்கும் வட்டியைக் கூட்டி, இருப்போடு சேர்த்து, பாஸ்புக்கில் ஒரு வரி விழும்படி செய்ய வேண்டும். 2010 ஏப்ரல் 1-க்கு முன்பு, மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி. அன்று முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கணக்குப் போடும் முறை மாறியதே தவிர, சேர்ந்த வட்டியை ஒரு குறிப்பிட்ட இரவில் எல்லோருக்கும் மொத்தமாக வரவு வைக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

அந்த வேலை நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நிற்பதற்குக் காரணங்கள் ஏராளம். டிஸ்க் நிரம்பிப் போகலாம், நெட்வொர்க் அறுந்து போகலாம், மெமரி போதாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டமே புரோகிராமைக் கொன்றுவிடலாம். நிற்காத புரோகிராம் எழுத யாராலும் முடியாது. நின்றால் எவ்வளவு வேலை வீணாகும் என்பதை மட்டும் எழுதுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட முடியும்.

கையில் ஒரு கணக்கு இருந்தால் பேசுவது சுலபம். 12 லட்சம் சேமிப்புக் கணக்குகள் உள்ள ஒரு நடுத்தர வங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கின் வட்டியைக் கூட்டி எழுத 5 மில்லி விநாடி ஆகிறது. மொத்தம் 6,000 விநாடி, அதாவது 1 மணி 40 நிமிடம். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் 12.40-க்கு முடிந்துவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இதை எழுதினால் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில் எழுதுவார். முதல் வழியில் 12 லட்சமும் ஒரே பரிவர்த்தனை. தொடக்கத்தில் `BEGIN`, முடிவில் `COMMIT`. நடுவில் எது நடந்தாலும் எல்லாம் சேர்ந்து நடந்ததாக ஆகும், அல்லது எதுவுமே நடக்காததாக ஆகும். டேட்டாபேஸ் தரும் இந்த வாக்குறுதி பெரிய வாக்குறுதி. பாதிப் பேருக்கு வட்டி விழுந்து பாதிப் பேருக்கு விழாமல் போகிற நிலை வரவே வராது. பார்த்தால் இதைவிடப் பத்திரமான வழி இல்லை போலத்தான் தோன்றும்.

இப்போது 12.30-க்கு, 10 லட்சத்து 80 ஆயிரம் கணக்குகள் முடிந்த நிலையில், வேலை நின்றுபோகிறது என்று வையுங்கள். ஒன்றரை மணி நேர வேலை போயிற்று. அது மட்டும் போனால் பரவாயில்லை. எழுதியதையெல்லாம் டேட்டாபேஸ் ஒவ்வொன்றாக அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ரோல்பேக் என்று சொல்கிற இந்த வேலைக்கு, எழுத ஆன நேரமே திரும்பவும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பதறிப்போன ஒருவர் இந்த நேரத்தில் டேட்டாபேஸை நிறுத்தித் திரும்பத் தொடங்குவது உண்டு. அதனால் ஒன்றும் கிடைக்காது. எழுந்து வந்ததும் அது விட்ட ரோல்பேக்கைத்தான் முதலில் தொடரும். ரோல்பேக் முடிய 2 மணி, மறுபடி முதலிலிருந்து ஓட 3.40. அதற்குள் இன்னொரு முறை நிற்காமல் இருக்க வேண்டும்.

காலை நெருங்க நெருங்க இதன் விலை ஏறும். பிரிட்டனில் ஆர்.பி.எஸ். குழும வங்கிகளில் 2012 ஜூன் மாதம் நடந்தது இரவு வேலைகளைக் கவனிப்பவர்கள் இன்றும் பேசும் கதை. அங்கே கோளாறு தொடங்கியது இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓடவிடும் மென்பொருளை மேம்படுத்தியதில். நான் இங்கே சொல்லும் பிழையே அதுவென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இரவு முடியாத வேலை மறுநாள் வேலையின் தலையில் ஏறி உட்காரும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பிரிட்டனில் மட்டும் சுமார் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014-இல் கண்காணிப்பு அமைப்புகள் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

ஒரே பரிவர்த்தனைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. இது வேலை ஒழுங்காக ஓடும்போதே வரும். ஒரு கணக்கின் இருப்பை மாற்றியதும் அந்த வரிசையை டேட்டாபேஸ் பூட்டிவைக்கும். பூட்டு திறப்பது கமிட் ஆகும்போதுதான். இரவு 11.05-க்கு வட்டி விழுந்த கணக்கு 12.40 வரை பூட்டிக் கிடக்கும். வங்கி இரவில் தூங்கிய காலத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்து. யு.பி.ஐ.-க்கு இரவு பகல் எப்போதுமே கிடையாது. நள்ளிரவில் ஆம்னி பஸ் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புகிறவரின் கணக்கு பூட்டில் இருந்தால் அவருடைய பரிமாற்றம் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வேறு எதுவும் மாற்றாமல் விட்டிருந்தால் 50 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கமிட். நின்றால் வீணாவது ஒரே ஒரு கணக்கின் வேலை, 5 மில்லி விநாடி. பூட்டும் அவ்வளவு நேரம்தான். ஆனால் கமிட் என்பது இலவசம் இல்லை. கமிட் ஆயிற்று என்று டேட்டாபேஸ் சொல்வதற்கு முன்னால் அந்த மாற்றத்தைப் பற்றிய பதிவு மெமரியில் மட்டும் இல்லாமல் டிஸ்கிலேயே இறங்கியிருக்க வேண்டும். கரண்ட் போனாலும் அழியாது என்ற உறுதி அப்படித்தான் வருகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு கமிட்டுக்குக் குறைந்தது ஒரு சுற்று என்று வைத்தால் விநாடிக்கு 120 கமிட்டுக்கு மேல் போகாது. 12 லட்சம் கமிட்டுக்கு 10,000 விநாடி, கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். இது டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும். வட்டி போடும் 1 மணி 40 நிமிடம் தனி. இன்றைய எஸ்.எஸ்.டி.-யில் இந்த எண் வெகுவாகக் குறையும். ஆனாலும் கமிட் ஒன்றுக்கு ஒரு நிலையான செலவு உண்டு என்பது மாறாது.

இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது? 12 லட்சத்தைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கமிட் போடலாம். காசாளர் நோட்டு எண்ணுவதும் இப்படித்தான். நூறு எண்ணியதும் காகிதப் பட்டை போட்டு ஓரமாக வைத்துவிடுவார். நடுவில் போன் வந்து எண்ணிக்கை தப்பினால், கையில் இருப்பதை மட்டும் திரும்ப எண்ணுவார்; பட்டை போட்டதைத் தொடமாட்டார்.

கட்டின் அளவை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை, அதே கணக்கைத் தொடர்ந்தால் போதும். கட்டுக்கு 200 என்றால் 6,000 கமிட். அதே பழைய டிஸ்கில் 50 விநாடி. கட்டுக்கு 500 என்றால் 20 விநாடி. 5,000 என்றால் 2 விநாடி. ஒன்றிலிருந்து 200-க்குப் போனதில் இரண்டே முக்கால் மணி நேரம் மிச்சமாயிற்று. 200-லிருந்து 5,000-க்குப் போனால் கிடைப்பது 48 விநாடிதான். ஆனால் அந்த 48 விநாடிக்காக ஒவ்வொரு கட்டும் 25 விநாடி நேரம் 5,000 பேருடைய கணக்குகளைப் பூட்டிவைக்கும். 200 என்றால் பூட்டு ஒரு விநாடி. நின்றுபோனாலும் வீணாவது அதிகம் போனால் ஒரு விநாடி வேலை. நான் இந்த இடத்தில் 200-ஐ எடுப்பேன். பலரும் ‘ஆயிரம் ஆயிரமாகப் போடலாமே’ என்று முழு எண்ணாகப் பார்த்து எடுக்கிறார்கள். கணக்கின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒரு கட்டு எத்தனை விநாடி பிடிக்கிறது என்று பார்த்து அளவு வைப்பதே சரி. நாளை வட்டிக் கணக்கு சிக்கலாகி 20 மில்லி விநாடி ஆனால், அதே 200 நாலு விநாடி பூட்டாக மாறிவிடும்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. கட்டாகப் பிரிப்பதை யாரும் செய்துவிடுவார்கள். எங்கே விட்டோம் என்ற குறிப்பை எங்கே எழுதுவது என்பதில்தான் பலருக்கும் இடறுகிறது.

பொதுவாக எழுதப்படும் வகையைப் பார்ப்போம். 200 கணக்குக்கு வட்டி போட்டு கமிட் செய்துவிட்டு, கடைசிக் கணக்கு எண்ணை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கிறார்கள். நின்றால், ஃபைலைப் படித்து அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடரலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கமிட் ஆன பிறகு, ஃபைலில் எழுதுவதற்கு முன்னால் கரண்ட் போனால்? டேட்டாபேஸில் 200 பேருக்கு வட்டி விழுந்துவிட்டது. ஃபைலில் முந்தைய கட்டின் எண்தான் இருக்கிறது. திரும்ப ஓடும்போது அந்த 200 பேருக்கும் இன்னொரு முறை வட்டி. வரிசையை மாற்றி, முதலில் ஃபைலில் எழுதிவிட்டு அப்புறம் கமிட் செய்தால், இடையில் நின்றால் 200 பேருக்கு வட்டியே இல்லை. இடைவெளி ஒரு கண்ணிமைப்புதானே என்று தோன்றும். அந்த இடைவெளி ஓர் இரவில் 6,000 முறை வருகிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 40,000 ரூபாய் இருப்பு, 3 சதவீத வட்டி, 90 நாள் என்றால் வட்டி 295 ரூபாய் 89 காசு. அது விழாமல் போனவர் ஒருநாள் கிளைக்கு வந்து கேட்பார். 591 ரூபாய் 78 காசு விழுந்தவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், இரட்டை வட்டி என்கிற பிழை வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்று எளியது. குறிப்பையும் அதே டேட்டாபேஸில் ஒரு சின்ன அட்டவணையாக வைத்து, அதே பரிவர்த்தனைக்குள் எழுதிவிட வேண்டும். ஒரு கட்டு இப்படி ஓடும்:

```sql
BEGIN;
SELECT last_id FROM run_mark
 WHERE run_id = 'SB-2025-03' FOR UPDATE;

SELECT account_id FROM accounts
 WHERE account_id > :last_id
 ORDER BY account_id LIMIT 200;

-- இந்த 200 கணக்குகளுக்கும் வட்டி வரவு

UPDATE run_mark SET last_id = :new_last
 WHERE run_id = 'SB-2025-03';
COMMIT;
```

இப்போது எந்த நொடியில் வேண்டுமானாலும் நின்று பார்க்கட்டும். கமிட்டுக்கு முன்னால் நின்றால் வட்டியும் இல்லை, குறிப்பும் நகரவில்லை; அந்த 200 பேரும் திரும்ப வருவார்கள். கமிட்டுக்குப் பின்னால் நின்றால் இரண்டும் நடந்துவிட்டன. கமிட் நடந்துகொண்டிருக்கும் அந்த நொடியிலேயே நின்றால், கமிட் ஆனது என்ற பதிவு டிஸ்கில் இறங்கியதா இல்லையா என்பதை வைத்து, எழுந்து வரும்போது டேட்டாபேஸே முடிவு செய்யும். இரண்டில் எது ஆனாலும் வட்டியும் குறிப்பும் ஒரே பக்கம்தான் இருக்கும். வேலையைத் திரும்ப ஓடவிடுகிறவர் எதையும் யோசிக்க வேண்டாம். அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்தால் போதும்.

`FOR UPDATE` என்ற இரண்டு சொல்லுக்கும் வேலை உண்டு. வேலை நின்றுவிட்டதாக நினைத்து, நிற்காத வேலைக்கு மேல் இன்னொன்றை ஓடவிடுகிறவர்கள் உண்டு. குறிப்பின் வரிசையை முதல் ஓட்டம் பூட்டியிருப்பதால் இரண்டாவது ஓட்டம் காத்திருக்கும். பூட்டு திறந்ததும் நகர்ந்த குறிப்பைத்தான் படிக்கும். அப்படியும் மனது ஆறாதவர்கள், வட்டி வரவு அட்டவணையில் ஓட்டத்தின் பெயரும் கணக்கு எண்ணும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போடுவார்கள். நானும் மனது ஆறாதவன்தான். புரோகிராம் தப்பு செய்தாலும் டேட்டாபேஸ் கதவைச் சாத்தும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. பரிவர்த்தனை என்ற கருத்துக்கே இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரும், 1998-இல் டூரிங் விருது பெற்றவருமான ஜிம் கிரே, ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் ஒரு தடிமனான நூல் எழுதினார். நெடுநேரம் ஓடும் வேலைகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் வங்கியில் எல்லாக் கணக்குகளுக்கும் வட்டி போடுவதுதான். ‘மினி பேட்ச்’ என்று பெயர் வைத்து, கடைசியாக முடிந்த கணக்கு எண்ணை டேட்டாபேஸிலேயே எழுதிவைக்கும் முறையை அதில் காட்டியிருந்தார்கள். அதற்கும் முன்னால், பெரிய கணினிகளில் டேப் ஓடிய 1960-களிலேயே, நெடுநேர வேலையின் நிலையை அவ்வப்போது எழுதிவைத்து அங்கிருந்து தொடரும் வசதி இருந்தது.

கட்டாகப் பிரிக்கும்போது ஒன்றை இழக்கிறோம் என்பதை மறைக்கக்கூடாது. எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற வாக்குறுதி போய்விட்டது. இரவு 12 மணிக்கு யாராவது மொத்த வைப்புத்தொகை என்ன என்று பார்த்தால், பாதிப் பேருக்கு வட்டி சேர்ந்த தொகையைத்தான் பார்ப்பார். இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் பேரேடு தப்பாமல் பார்த்துக்கொள்ள முடியும். வாடிக்கையாளர்களுக்கு வரவு வைக்கும் தொகை எங்கிருந்தோ வருவதில்லை. வங்கியின் ‘செலுத்த வேண்டிய வட்டி’ என்ற கணக்கில் அதே தொகை பற்று வைக்கப்பட வேண்டும். அந்தப் பற்றை இரவின் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், நடுவில் நின்ற இரவில் பேரேடு இடிக்கும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் 200 வரவையும் அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒரு பற்றையும் எழுதிவிட்டால், எந்தக் கமிட்டில் நின்றாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்.

மாறக்கூடிய எதையும் ஒவ்வொரு கட்டும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விடக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இன்றைய தேதி வரை வட்டி’ என்று புரோகிராமில் இருந்தால், 11 மணிக்கு ஓடிய கட்டுக்கு இன்று என்பது மார்ச் 31. நள்ளிரவைத் தாண்டிய கட்டுக்கு ஏப்ரல் 1. ஒருவருக்கு 90 நாள் வட்டி, அடுத்தவருக்கு 91 நாள். வட்டி விகிதத்தை ஏப்ரல் 1 முதல் மாற்றியிருந்தால் இன்னும் மோசம். எந்தத் தேதி வரை, எந்த விகிதத்தில் என்பதை ஓட்டம் தொடங்கும்போதே `run_mark` அட்டவணையில் எழுதிவிட்டு, எல்லாக் கட்டும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். பல நாள் கழித்துத் திரும்ப ஓடினாலும் அதே விடை வரும்.

கட்டுமுறைக்கே உரிய ஒரு நோய் உண்டு. 12 லட்சத்தில் ஒரு கணக்கில் இருப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பழைய சாஃப்ட்வேரிலிருந்து மாற்றும்போது விட்டுப்போன ஏதோ ஒன்று. அந்தக் கணக்கு வரும் கட்டு பிழையாகி முழுதும் ரோல்பேக் ஆகும். குறிப்பு நகராது. திரும்ப ஓடினால் அதே 200, அதே பிழை. தானாகத் திரும்ப முயலும்படி எழுதியிருந்தால் விடியும் வரை அதையே செய்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: புரோகிராம் ஓடுகிறது, சி.பி.யூ. சூடாக இருக்கிறது, லாக் ஃபைல் வளர்கிறது, `last_id` மட்டும் அசையவில்லை. இரவுப் பணியில் இருப்பவர் பார்க்க வேண்டியது அந்த ஓர் எண்ணைத்தான்.

மருந்து என்னவென்றால், கட்டு பிழையானதும் அந்த 200-ஐ மட்டும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 199 கணக்குகள் போய்விடும். பிழையானது எந்தக் கணக்கு, என்ன காரணம் என்று தனி அட்டவணையில் எழுதிவிட்டுக் குறிப்பை நகர்த்த வேண்டும். ஜாவாவில் இந்த வகை வேலைகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் பேட்ச் என்ற மென்பொருளில், இன்ன பிழையைத் தாண்டிப் போகலாம் என்று சொல்லிவைத்தால், எழுதும்போது அந்தப் பிழை வந்த கட்டை அது இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். ஒதுக்குவதற்கு ஒரு வரம்பும் வேண்டும். 50 கணக்கு ஒதுங்கினால் ஓட்டத்தையே நிறுத்திவிடு என்று வைக்கலாம். அவ்வளவு கணக்கு ஒரே இரவில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. வட்டி விகித அட்டவணை காலியாக இருக்கிறது என்பது போன்ற வேறேதோ நடந்திருக்கும். அந்த நிலையில் 12 லட்சத்தையும் ஒழுங்காக ஒவ்வொன்றாக ஒதுக்கி முடிப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. பூட்டு கிடைக்காமல் பிழையான கட்டு, சில விநாடி கழித்து முயன்றால் போய்விடும். காலி இடத்தால் பிழையானது எத்தனை முறை முயன்றாலும் போகாது. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது.

வட்டி விழுந்ததும் வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். இங்கேதான் ரோல்பேக் என்ற ஆயுதம் பயன்படாமல் போகிறது. போன குறுஞ்செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. கட்டுக்குள்ளேயே எஸ்.எம்.எஸ். அனுப்பினால், 150 பேருக்கு அனுப்பிய பிறகு கட்டு பிழையாகி, அந்த 150 பேருக்கும் திரும்ப ஒரு செய்தி போகும். அதுவும் முதல் செய்தி போன நேரத்தில் வட்டி விழவே இல்லை. அதனால் கட்டுக்குள் செய்தியை அனுப்பாமல், அனுப்ப வேண்டிய செய்தி என்று ஓர் அட்டவணையில் `pending` என்ற நிலையோடு எழுதிவைப்பார்கள். வட்டியும் இந்த வரியும் ஒரே கமிட்டில் சேர்ந்து விழும். அனுப்பும் வேலையை வேறொரு புரோகிராம் தனியாகச் செய்யும். அந்தப் புரோகிராமும் அனுப்பிவிட்டு ‘அனுப்பியாயிற்று’ என்று எழுதுவதற்குள் நிற்கலாம். ஆகவே அதற்குக் கட்டு இன்னும் சின்னதாக, பத்து அல்லது ஒன்று என்றுகூட இருக்கலாம். அப்போதும் எப்போதாவது ஒருவருக்கு ஒரே செய்தி இரண்டு முறை போகத்தான் செய்யும். வங்கியிலிருந்து ஒரே வரி இரண்டு முறை வந்து நீங்கள் எரிச்சல்பட்டிருந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். பணத்தில் இரட்டிப்பு வருவதைவிடச் செய்தியில் வருவது மேல் என்று தெரிந்தே செய்த தேர்வு அது.

இந்த எஸ்.எம்.எஸ். அட்டவணையில் ஓர் அழகான தவறு நடப்பதுண்டு. நிலுவையில் உள்ளதைக் கட்டுக் கட்டாக எடுக்க இப்படி எழுதுவார்கள்:

```sql
SELECT id FROM sms_queue
 WHERE status = 'pending'
 ORDER BY id LIMIT 500 OFFSET :n;
```

முதல் முறை `n` பூஜ்யம், அடுத்த முறை 500, பிறகு 1,000. புத்தகத்தில் பக்கம் திருப்புவது போலத் தெரியும். ஆனால் முதல் 500-ஐ அனுப்பியதும் அவை `pending` பட்டியலிலிருந்தே போய்விட்டன. மிச்சப் பட்டியல் 500 இடம் மேலே ஏறிவிட்டது. இப்போது 500-ஐத் தாண்டி எடு என்றால், இன்னும் அனுப்பாத 500 பேரைத் தாண்டிவிடும். இப்படி ஒரு கட்டு அனுப்பி, ஒரு கட்டைத் தாண்டி, கடைசியில் எந்தப் பிழையும் காட்டாமல் வெற்றிகரமாக முடியும். 12 லட்சத்தில் 6 லட்சம் மட்டும் போயிருக்கும். நிலுவை சரியாகப் பாதி நிற்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், `OFFSET` இருக்கிறதா என்று பாருங்கள். நிலை மாறும் பட்டியலில் `OFFSET` போடாமல் எப்போதும் முதல் 500-ஐ எடுத்தால் போதும். அல்லது வட்டிக்குச் செய்தது போல, கடைசி எண்ணுக்கு மேற்பட்டது என்று கேட்கலாம்.

எழுதியது சரியா என்று அறிய, நல்லபடியாக ஓடி முடிவதைப் பார்த்துப் பயனில்லை. சோதனைக்கான நகல் டேட்டாபேஸில் வேலையை ஓடவிட்டு, நடுவில் `kill -9` கொடுக்க வேண்டும். புரோகிராம் எதையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள அவகாசம் தராத கட்டளை அது. திரும்ப ஓடவிட்டு, வேறொரு இடத்தில் இன்னொரு முறை. ஒரு முறை டேட்டாபேஸையே அதுபோல நிறுத்திப் பார்க்கலாம். எத்தனை முறை கொன்றாலும், முடிவில் வரும் கூட்டுத்தொகை ஒரே மூச்சில் ஓடிய ஓட்டத்தின் கூட்டுத்தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

உண்மையான இரவிலும் காலையில் பார்க்க வேண்டியவை இரண்டே கூட்டல்கள். வரவு வைத்த கணக்குகளும் ஒதுக்கிய கணக்குகளும் சேர்ந்து மொத்தக் கணக்குகளுக்குச் சமமா என்பது ஒன்று. நம் உதாரணத்தில் 11,99,963-உம் 37-உம் சேர்ந்து 12,00,000. வாடிக்கையாளர்களுக்கு வரவு வைத்த மொத்தத் தொகை, செலுத்த வேண்டிய வட்டிக் கணக்கில் பற்று வைத்ததற்குச் சமமா என்பது மற்றொன்று. இரண்டும் சரியாக இருந்தால் மிச்சமிருப்பது அந்த 37 கணக்குகள்தான். அவற்றின் எண்ணும் காரணமும் அட்டவணையில் இருக்கும். கிளைக்கு அனுப்பிச் சரிசெய்யச் சொல்லி, அதே `run_id`, அதே தேதி, அதே விகிதத்தில் மதியத்துக்குள் தனியாக வட்டி போட்டுவிடலாம்.